வேலை செய்பவர் வீட்டில் துக்கம்: விசாரிப்பு, விடுப்பு, உதவி

வீட்டு வேலை செய்பவருக்கோ கார் ஓட்டுபவருக்கோ நெருங்கிய உறவினர் இறந்துவிட்டால், விடுப்பும் சம்பளமும் பெரும்பாலும் வேலை கொடுக்கும் வீட்டாரின் முடிவில்தான் இருக்கின்றன. அந்த முடிவைத் தகவல் வந்த அன்றே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஊருக்குப் போனவர் சம்பளம் பிடிப்பார்களோ, வேறு ஆள் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தோடு சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பெரும்பாலும் தகவல் தொலைபேசியில்தான் வரும். “எப்போ வருவே?” என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. “அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? ஊருக்கு யார் கூடப் போறே? பஸ்ஸுக்குப் பணம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, “காரியம் முடிச்சிட்டு வா, சம்பளம் பிடிக்க மாட்டோம்” என்று சொன்னால் போதும். நேரில் போக முடிந்தால் மாலையோடு போய், சற்று நேரம் உட்கார்ந்திருந்து வரலாம். துக்க வீட்டில் யாரும் “வாங்க” என்று வரவேற்பதில்லை; வந்தவரும் “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிக்கொள்வதில்லை.

எத்தனை நாள் விடுப்பு என்பதைச் சடங்கின் நாட்களே காட்டிவிடும். இந்துக் குடும்பங்கள் பலவற்றில் அடக்கத்துக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பார்கள்; காரியம் 16ஆம் நாள் நடக்கும். சில சமூகங்களில் அது 10 அல்லது 13ஆம் நாள். இறந்தவர் கணவர் என்றால் காரியம் முடியும்வரை பெண் வீட்டைவிட்டு வெளியே வராத வழக்கம் பல இடங்களில் உண்டு. கணவரை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாள். ஆகவே நாட்களை ஊகிக்காமல் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னையில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் நிலையைப் பார்ப்போம். ஒவ்வொரு வீட்டிலும் மாதச் சம்பளம் 4,000 ரூபாய். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய தந்தை திங்கட்கிழமை விடியற்காலையில் இறக்கிறார். மறுநாள் அடக்கம், புதன்கிழமை பால். வெள்ளிவரை ஐந்து நாள் விடுப்பு வேண்டும். 16ஆம் நாள் காரியத்துக்கு முந்திய நாளும் அன்றுமாக இன்னும் இரண்டு நாள். மொத்தம் ஏழு நாள். சம்பளம் பிடித்தால் ஒரு வீட்டுக்கு மிச்சமாவது சுமார் 933 ரூபாய். மூன்று வீடும் பிடித்தால் அவருக்கு 2,800 ரூபாய் போய்விடும், அதுவும் செலவு குவியும் மாதத்தில்.

பணம் முதலில் தேவைப்படுவது தகவல் வந்த சில மணி நேரத்துக்குள். வண்டி வாடகை, மாலை, ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, குழி வெட்டுபவர் கூலி என்று கையில் ரொக்கம் இருந்தாக வேண்டும். அது கிடைக்காதபோது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்குக்கூட வாங்க நேர்கிறது. ஆகவே கொடுக்க நினைப்பதை அவர் கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போதே “இது கடன் இல்லை” என்று சொல்லிவிடுவது அவசியம். சொல்லாமல் கொடுத்து, அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கும்போதுதான் மனக்கசப்பு வருகிறது. உதவியும் முன்பணமும் சேர்ந்து கொடுத்தால் எது எவ்வளவு, முன்பணத்தை எத்தனை மாதத்தில் கழிப்பது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது உதவி காரியத்துக்கு: அன்றைய சாப்பாட்டுக்கு ஒரு 25 கிலோ அரிசி மூட்டையோ அதற்கான பணமோ. புடவை, வேட்டி எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்; கோடித் துணி யார் போடுவது என்பதில் முறை உண்டு.

காரியம் முடிந்த பிறகு காகித வேலை இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. வீட்டில் இறந்தால் குடும்பத்தாரே தெரிவிக்க வேண்டும். இந்த நாள் கணக்கு தவறுவது பெரும்பாலும் அங்கேதான். இறந்தவர் 55 வயதுக்குள் இருந்தால் அவருடைய வங்கிப் பாஸ்புக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம்; அதில் வாரிசுதாரருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அப்படி ஒரு காப்பீடு இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. வங்கிக்குக் கூடப் போய் விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, கொடுத்த ரொக்கத்தைவிடப் பெரிய உதவியாகிவிடும்.

ஓட்டுநர் திரும்பி வந்த முதல் சில நாட்கள் இரவுப் பயணமும் நெடுந்தூரமும் வேண்டாம். பல இரவு தூங்காத கண்கள் சாலையில் தாமாகவே மூடிக்கொள்ளும்.