தொலைந்த பாலிசிப் பத்திரம்

எல்ஐசி பத்திரத்தைக் காணோமா? வீட்டுக்கடனுக்காக வங்கியில் அடமானம் வைத்தீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பல பத்திரங்கள் அங்கேதான் இருக்கும். கரையான் அரித்திருந்தால் மிச்சத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

உண்மையிலேயே தொலைந்திருந்தால், பாலிசி எண், ஆதார் போன்ற அடையாளச் சான்றுடன் உங்கள் பாலிசியைப் பராமரிக்கும் கிளைக்குச் செல்லுங்கள். முத்திரைத்தாளில் ஈட்டுறுதிப் பத்திரம் கேட்பார்கள். அசல் பத்திரத்தை வைத்துக்கொண்டு நாளை வேறொருவர் உரிமை கோரினால், அந்த நஷ்டத்தை நானே ஏற்பேன் என்ற வாக்குறுதி அது. வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்து பழைய விண்ணப்பத்தில் உள்ளதுபோல் இல்லாவிட்டால் தாமதமாகும். நகல் வந்தபின் அசல் கிடைத்தால், கிளையில் ஒப்படைத்துவிடுங்கள்.