ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்த பிறகும் ‘தோல்வி’

கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். புதிதாக ஒரு சாயப்பட்டறைக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் பில்லோடு வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கணக்கர் அவற்றைத் தங்கள் பணப்பட்டுவாடா தளத்தில் ஏற்றி, பயனாளியின் பெயர் கேட்கும் இடத்தில் பில்லின் தலைப்பில் இருந்தபடியே SRI VELAVAN DYERS என்று அடிக்கிறார். சில நொடிகளில் சிவப்பு எழுத்தில் Verification Failed என்று வருகிறது. அதே நேரத்தில் பட்டறைக்காரரின் கைப்பேசியில் ‘ஒரு ரூபாய் வரவு’ என்று குறுஞ்செய்தி. “பணம் வந்துருச்சுங்களே, அப்புறம் என்ன ஃபெயில்?” என்று அவர் கேட்டால் கணக்கரிடம் சட்டென்று பதில் இருக்காது.

பென்னி டிராப் எனப்படும் இந்தச் சோதனையில் அந்த ஒரு ரூபாய்க்குப் பெரிய வேலை கிடையாது. திரும்பி வரும் பதிலுக்காகத்தான் அது அனுப்பப்படுகிறது. தளத்தோடு இணைந்திருக்கும் வங்கி, ஐஎம்பிஎஸ் வழியாக ஒரு ரூபாயை அனுப்புகிறது. 2010 முதல் நம் நாட்டில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் உடனடிப் பணப் பரிமாற்ற வழி அது. நடத்துவது தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ. அதன் மையக் கணினி வழியே செய்தி பட்டறைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி கணக்கைத் தேடி ரூபாயை வரவு வைத்து, ‘ஆயிற்று’ என்ற பதிலோடு அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சொல்லி அனுப்புகிறது. தளத்துக்கு வேண்டியது அந்தப் பெயர்தான்.

பெயருக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், நம் பணப் பரிமாற்றங்கள் பெயரைப் பார்த்து நடப்பதில்லை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கப்படுகிறது. நாம் பெயரை எவ்வளவு சரியாக எழுதினாலும், எண்ணில் ஒரு இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்துவிட்டால் பணம் அவருக்குப் போய்விடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான், பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் நெஃப்ட்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஒரே நாளில் நூறு பேருக்குப் பணம் அனுப்பும் நிறுவனம் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே மென்பொருள் பார்க்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கரூர் பட்டறை விஷயத்தில் வங்கி திருப்பி அனுப்பிய பெயர் K SUBRAMANIAM. கணக்கர் அடித்ததோ SRI VELAVAN DYERS. இரண்டுக்கும் ஒரு எழுத்து ஒட்டுறவு கிடையாது. தளங்கள் பெரும்பாலும் இரு பெயர்களையும் ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடும். நிறுவனமோ தளமோ வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே மதிப்பெண் விழுந்தால், ரூபாய் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் சோதனை தோல்விதான். இதைத் ‘தோல்வி’ என்று எழுதியவரை நான் மன்னிக்கமாட்டேன். ‘கணக்கு இருக்கிறது, பெயர் வேறு’ என்று எழுதியிருந்தால் கணக்கரும் பட்டறைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் குழம்ப வேண்டியிருந்திருக்காது. நல்லவேளையாக, பல தளங்களில் அந்த வரியைத் திறந்து பார்த்தால் வங்கி சொன்ன பெயர் உள்ளே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்து, சுப்பிரமணியம்தான் வேலவன் டையர்ஸா என்று தெரியவேண்டும். அதற்கு அவரிடமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். அதற்கடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, அவர் யார் என்று சொல்லிவிடும்: P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. இங்கே P. தனி ஒருவர் நடத்தும் தொழில் என்பதால் வங்கிக் கணக்கு அவர் சொந்தப் பெயரில் இருப்பதில் வியப்பில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயரும் வணிகப் பெயரும் தனித்தனியாக வரும். முதலாவதில் சுப்பிரமணியமும் இரண்டாவதில் வேலவன் டையர்ஸும் இருந்தால் கதை முடிந்தது. பயனாளி பெயரை K SUBRAMANIAM என்று திருத்தி மறுபடி சோதித்தால் பச்சை விழும்.

சொந்தப் பெயரைக் கொடுத்தாலும் நம் ஊரில் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடாது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து யோசிக்கும் மென்பொருளுக்கு இனிஷியல் பெரிய தலைவலி. பில்லில் K. Subramaniam, வங்கியில் SUBRAMANIAM K, ஆதாரை ஒட்டித் திருத்திய கணக்கில் SUBRAMANIAM KANDASAMY. முன்பின் மாறியதை நல்ல மென்பொருள் கண்டுகொள்ளும். K என்பது கந்தசாமியின் முதலெழுத்து என்று புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். அதற்கும் மேல், ஒரே பெயரை ஆங்கிலத்தில் Subramanian, Subramaniyam, Subramani என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். இவற்றையெல்லாம் ஒன்றென்று ஏற்றுக்கொள்ளும்படி எல்லையைத் தளர்த்தினால், அதே வீட்டில் தம்பி பெயர் சுப்பிரமணியாக இருந்தால் அவர் கணக்கும் தேறிவிடும். இறுக்கினால் உண்மையான ஆளே வெளியே நிற்பார். எது சரியான எல்லை என்பது எவ்வளவு பணம் போகப்போகிறது என்பதைப் பொறுத்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது.

இனி, ரூபாயே போகாத தோல்விகள். இவற்றில் சில, கணக்குப் பிரிவின் மேசையிலேயே பிறக்கின்றன. கணக்கு எண்களைப் பட்டியலாக எக்ஸெலில் வைத்துத் தளத்தில் ஏற்றுவது வழக்கம். எக்ஸெல் எந்த எண்ணிலும் பதினைந்து இலக்கங்களைத்தான் அப்படியே வைத்திருக்கும். பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். எண்ணின் முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் விழுங்கிவிடும். பதினாறு இலக்கக் கணக்கு எண் கொடுக்கும் வங்கிகள் நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட எண்கள் எல்லாம் ஒரு பட்டியலில் பூஜ்யத்தில் முடிந்தால், வாட்ஸ்அப்பில் வந்த மூல எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்றுமுன் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுப் புதிதாக அடித்தால் இந்தத் தொல்லை இல்லை; பூஜ்யமான பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்ப வராது.

இன்னொன்று கரூர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த கதை. அங்கே பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. LAVB என்று தொடங்கிய பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2022 பிப்ரவரியோடு காலாவதியாகி, DBSS என்று தொடங்கும் புதியவை வந்தன. அதுபோலவே சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் 2020-ல் சேர்ந்த பிறகு அவற்றின் பழைய குறியீடுகளும் போயின. ஆனால் பழைய பில் புத்தகமும், பழைய காசோலையின் படமும், பயனாளிப் பட்டியலில் தூங்கும் பழைய வரியும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கணக்கு எண் சரியாக இருந்து குறியீடு மட்டும் செத்துப்போயிருந்தால், ரூபாய் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். வேறு சில கணக்குகள் ரூபாயைத் தாமே தள்ளிவிடும்: மூடப்பட்ட கணக்கு, முற்றிலும் முடக்கப்பட்ட கணக்கு, வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்இ கணக்கு. கடைசிக் கணக்கு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கானது. சாதாரண உள்நாட்டு வரவுக்கு அங்கே பொதுவாக இடமில்லை.

மூன்றாவது வகையில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பட்டறைக்காரரின் வங்கிக் கணினி அந்த நேரத்தில் பராமரிப்பில் இருக்கலாம். அல்லது ரூபாயை வரவு வைத்துவிட்டு, பதில் சொல்வதற்குள் நேரம் கடந்திருக்கலாம். தளத்தில் Pending என்று நிற்கும். சில தளங்கள் இதையும் தோல்விக் கணக்கில் தள்ளிவிடும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்பியவர் கணக்கில் பற்று வைத்துப் பெறுபவருக்குச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு. ஒரு ரூபாய்க்கு நூறு ரூபாய் கேட்டு வழக்காட யாரும் கிளம்பமாட்டார்கள் என்றாலும், அந்த ஒரு நாள் கணக்கு இங்கே உதவும். வங்கி ‘இல்லை’ என்று சொன்னதா, பதிலே வரவில்லையா என்பதைத் தளம் காட்டும் காரணத்தில் பிரித்துப் பாருங்கள். பதில் வராத வகை என்றால் எண்ணையும் பெயரையும் மாற்றிப் பார்ப்பது வீண். சில மணி நேரம் விட்டு, இருந்த விவரத்தோடேயே மறுபடி சோதித்தால் போதும். ஒவ்வொரு சோதனைக்கும் தளம் தனியாகக் கட்டணம் எடுக்கும் என்பதால் அழுத்திக்கொண்டே இருப்பதும் செலவுதான்.

சோதனை தேறியது என்றால் அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: அந்த எண்ணில் ஒரு கணக்கு உயிரோடு இருக்கிறது, வரவை ஏற்கிறது, பெயர் ஒத்துப்போகிறது. கணக்கிலிருந்து பணம் எடுப்பதை மட்டும் காவல்துறை தடுத்து வைத்திருந்தால், வரவு தாராளமாக ஏறும். சோதனையில் அது தெரியாது. எண்ணை அனுப்பியவர் உண்மையில் பட்டறைக்காரர்தானா என்பதும் தெரியாது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. சோதித்தால் பெயர் ஒத்துவரவில்லை. மாதக் கடைசி; பட்டறைக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று மின்னஞ்சல் சொல்கிறது. பல தளங்களில் பெயர் வேறானாலும் ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துமுன், வந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டுப் பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, “அண்ணே, கணக்கு மாத்துனீங்களா?” என்று கேட்டுக்கொள்வது நல்லது.