பார்வை எப்படி இருந்தாலும் படிக்கக்கூடிய எக்செல்

எக்செல் பணிப்புத்தகத்தை எல்லோரும் கண்ணால் படிப்பதில்லை. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் குரலைக் கேட்டுப் படிக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, விண்டோஸோடு சேர்ந்தே வரும் நரேட்டர் ஆகியவை இந்த வகை. வேறு சிலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். சிவப்பும் பச்சையும் மட்டும் பிரிந்து தெரியாது. இந்த இரு சாராருக்கும் தடையாக இருப்பவை பெரும்பாலும் தாளின் பெயர், படத்துக்கு விளக்கம் இல்லாமை, நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லும் செய்தி ஆகிய மூன்றுதான்.

கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கணக்கைக் கற்பனை செய்துகொள்ளலாம். Sheet1 என்ற தாளில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. Sheet2 என்ற தாளில் மாதவாரியாகப் பால் கொள்முதலும், அதன் பக்கத்தில் ஒரு கோட்டு வரைபடமும் இருக்கின்றன. Sheet3 தீவனக் கடன் கணக்கு: பாக்கி உள்ளவர் வரிசை சிவப்பு, தீர்த்தவர் வரிசை பச்சை. கண்ணுக்குப் பழகியவருக்கு இதில் குறை எதுவும் தெரியாது.

தாள் விட்டுத் தாள் போக Ctrl + Page Down அழுத்தும்போது திரைவாசிப்பான் தாளின் பெயரைச் சொல்கிறது. “Sheet2” என்று கேட்டவருக்கு அது எந்தக் கணக்கு என்பது புரியாது. கட்டம் கட்டமாக நகர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே இருக்கும் தாள் டேபை இருமுறை சொடுக்கினால் பெயரை மாற்றிவிடலாம். வேறுபடுத்திக் காட்டும் சொல் பெயரின் தொடக்கத்திலேயே வருவது நல்லது. “2024-25 பால் கொள்முதல்”, “2024-25 தீவனக் கடன்” என்று வைத்தால், கேட்பவர் ஒவ்வொரு முறையும் ஆண்டைக் கேட்டு முடித்த பிறகே தாளை அடையாளம் காண்பார். “கொள்முதல் 2024-25” என்றால் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

பெயருக்கு 31 எழுத்துக்குறி வரைதான் இடம். தமிழில் இந்த இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும், ஏனெனில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. “மாணவர் வருகைப் பதிவு” என்பதில் நமக்குத் தெரிவது 11 எழுத்தும் 2 இடைவெளியும். எக்செல்லின் கணக்கில் அது 20. சாய்கோடும் பெயரில் வரக்கூடாது என்பதால் “2024/25” என்று எழுத முடியாது; சிறுகோடு போடலாம்.

பெயரை மாற்றினால் சூத்திரங்கள் கெட்டுவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். அதே புத்தகத்தில் உள்ள சாதாரணச் சூத்திரங்களில் எக்செல் தானே புதிய பெயரைப் போட்டுக்கொள்ளும். பெயரை மேற்கோள் குறிக்குள் வெறும் உரையாக வைத்திருக்கும் சூத்திரத்தில்தான் சிக்கல்:

```
=INDIRECT("Sheet2!B14")
```

Sheet2 என்ற பெயர் மறைந்ததும் இந்தக் கட்டத்தில் #REF! என்று வந்துவிடும். எனவே பெயர் மாற்றும் முன் புத்தகம் முழுவதிலும் INDIRECT என்று தேடிப் பார்ப்பது நல்லது. பெயரைச் சொல்லி அழைக்கும் மேக்ரோக்களையும் இதேபோலத் திருத்த வேண்டும்.

அடுத்தது வரைபடம். திரைவாசிப்பானால் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகப் படத்தோடு இணைத்து எழுதிவைக்கும் சிறு விளக்கம்தான் மாற்று உரை. வரைபடத்தின் ஓரத்தில் வலது சொடுக்கினால் View Alt Text வரும். சில பதிப்புகளில் Edit Alt Text என்றிருக்கும். உள்ளே இருக்கும் ஒரு கோட்டின் மேல் சொடுக்கினால் அந்தக் கோடு மட்டும் தேர்வாகி வேறு பட்டியல் வரும், ஆகவே வெளிவிளிம்பைப் பிடிக்க வேண்டும்.

“கொள்முதல் வரைபடம்” என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. அங்கே ஒரு வரைபடம் இருப்பது ஏற்கெனவே கேட்டுவிட்டது. பார்ப்பவர் ஒரு கணத்தில் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்வாரோ அதை எழுத வேண்டும்: “2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை காலை, மாலை பால் கொள்முதலைக் காட்டும் கோட்டு வரைபடம். காலைக் கொள்முதல் மே மாதத்தில் 400 லிட்டராகக் குறைந்து, நவம்பரில் 620 லிட்டராக உயர்கிறது. மாலைக் கொள்முதல் எல்லா மாதங்களிலும் காலையைவிடக் குறைவு.” இதற்கு மேல் பன்னிரண்டு மாத எண்களையும் அடுக்கத் தேவையில்லை, அவை பக்கத்து அட்டவணையிலேயே இருக்கின்றன. அழகுக்காக வைத்த பசுமாட்டுப் படத்துக்கு Mark as decorative என்று குறித்துவிட்டால் போதும்.

இதில் பலரும் கவனிக்காத குறை ஒன்று உண்டு. அட்டவணையில் எண் மாறினால் வரைபடம் மாறும், ஆனால் மாற்று உரை எழுதியபடியே நிற்கும். மே மாத எண்ணை 430 என்று திருத்திய பிறகும் குரல் 400 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தவறான விளக்கம், விளக்கமே இல்லாததைவிட மோசம். கணக்கு அடிக்கடி மாறுமானால், மாறாதவற்றை மட்டும் மாற்று உரையில் வைத்து, எண்களை வரைபடத்தின் பக்கத்துக் கட்டத்தில் சூத்திரமாக எழுதலாம்:

```
="காலை: குறைந்தது "&MIN(B2:B13)&", அதிகம் "&MAX(B2:B13)&" லிட்டர்"
```

இனி நிறம். விழித்திரையின் கூம்பு செல்களில் ஒரு வகை குறைந்தாலோ மாறியிருந்தாலோ சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பும். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இது உண்டு. எக்செல் தானாகத் தரும் வெளிர்சிவப்பும் வெளிர்பச்சையும் வெளிச்ச அளவிலும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் தீவனக் கடன் தாளில் பாக்கி வைத்தவரும் தீர்த்தவரும் இவர்களுக்கு ஒரே மாதிரி தெரியலாம். சிலருக்குச் சிவப்பே மங்கிக் கருமையாகத் தெரியும்; கறுப்பு எண்களின் நடுவே சிவப்பில் எழுதிய எண் அவர்கள் கண்ணில் படாது.

நிறத்தை எடுத்துவிட வேண்டியதில்லை, அது சொல்வதைச் சொல்லாகவும் எழுத வேண்டும். பாக்கித் தொகை D பத்தியில் இருந்தால், E பத்தியில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடலாம்:

```
=IF(D2>0,"பாக்கி","தீர்ந்தது")
```

வரைபடத்தின் கோடுகளுக்கு, ஜப்பானின் மசடாகா ஒகாபே, கேய் இட்டோ இருவரும் தொகுத்த நிறவரிசை உதவும். அதில் உள்ள நீலம் #0072B2, ஆரஞ்சு கலந்த சிவப்பு #D55E00. சிவப்பு–பச்சை பிரியாதவருக்கும் இவை வேறுபட்டே தெரியும். ஆனால் இரண்டின் அடர்த்தியும் நெருக்கம் என்பதால் கறுப்பு-வெள்ளைப் பிரதியில் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சாம்பலாகிவிடும். எனவே மாலைக் கோட்டைப் புள்ளிக்கோடாக்க வேண்டும். நிறக்குறிப்புப் பெட்டியை நீக்கிவிட்டு, கோட்டின் கடைசிப் புள்ளியிலேயே “காலை”, “மாலை” என்று பெயரிடுவது இன்னும் நல்லது. நிறத்தைப் பொருத்திப் பார்க்கும் வேலையே அப்போது யாருக்கும் இல்லை.

Review பட்டியில் உள்ள Check Accessibility, மாற்று உரை இல்லாத படங்களையும் பின்னணியோடு ஒட்டிப்போகும் எழுத்துகளையும் சுட்டிக்காட்டும். எழுதிய உரை சரியா என்பது அதற்குத் தெரியாது. “படம் 1” என்று இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். சிவப்புக்குப் பாக்கி என்று பொருள் என்பதும் தெரியாது. அவற்றைக் கேட்டும் பார்த்தும்தான் சோதிக்க முடியும். என்விடிஏயில் தமிழ்க் குரலைத் தேர்ந்து புத்தகத்தைக் கேட்க வேண்டும். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைப் படிக்காமல் தாண்டிப் போகக்கூடும். பிறகு விண்டோஸின் Color filters அமைப்பில் Grayscale தேர்ந்து, நிறமில்லாத திரையில் யார் பாக்கி, எது மாலைக் கோடு என்று படிக்க முடிகிறதா எனப் பார்க்க வேண்டும்.