கேள்விக்குக் கேள்வி மாறும் கூட்டணி

தமிழ்த்துறை ஆய்வேடு எதை எடுத்தாலும் முன்பகுதியில் ‘ஆய்வு முன்னோடிகள்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழே பெரும்பாலும் ஒரே ஓசைதான் கேட்கும்: இன்னார் இந்த ஆண்டில் இந்த நூலில் இதை ஆராய்ந்துள்ளார், அடுத்தவர் அந்த ஆண்டில் அதை ஆராய்ந்துள்ளார். முப்பது நூல்களுக்கு முப்பது பத்தி. நூலகப் பட்டியலைச் சற்று நீட்டி எழுதியது போல.

இதில் எது விட்டுப்போகிறது? சங்கப் பாடல்களின் காலமும் தோற்றமும் பற்றிய ஆய்வுகளை எடுத்துக்கொண்டால் தெரியும். க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வந்தது. ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டு, சங்கப் பாடல்கள் பாணர்களின் வாய்மொழி மரபில் பிறந்தவை என்றார் அவர். 1975இல் ஜார்ஜ் ஹார்ட், எழுத்தறிந்த புலவர்கள் பாணர்களின் பாட்டு மரபை முன்மாதிரியாகக் கொண்டு இயற்றியவை என்றார். 2001இல் ஹெர்மன் டீக்கன் இன்னும் தள்ளிப்போய், பழங்காலத்தைக் கற்பனையில் மீட்டுப் பார்த்து 8, 9ஆம் நூற்றாண்டு வாக்கில், பாண்டியர் ஆட்சியில், காவிய மரபைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை என்று வாதிட்டுப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார்.

ஆண்டு வரிசையில் இப்படிச் சொன்னால், மூன்று பேரும் மூன்று திசையில் நிற்பதாகத் தோன்றும். நூல்களுக்குப் பதிலாகக் கேள்விகளைத் தலைப்பாக வைத்துப் பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. பாடல்கள் வாய்மொழியாகப் பிறந்தவையா, எழுதப்பட்டவையா என்று கேட்டால் ஹார்ட்டும் டீக்கனும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். கைலாசபதி தனியாக நிற்கிறார். எப்போது இயற்றப்பட்டவை என்று கேட்டால், பொதுக்காலத்தின் தொடக்க நூற்றாண்டுகள் என்பதில் கைலாசபதியும் ஹார்ட்டும் சேர்ந்துவிடுகிறார்கள். இப்போது தனித்து நிற்பவர் டீக்கன். அகப்பாடல்களுக்கும் பிராகிருதத்தின் காதா சப்தசதிக்கும் உறவு உண்டா என்ற கேள்வியில் ஹார்ட்டும் டீக்கனும் ‘உண்டு’ என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் ஹார்ட் இரண்டுக்கும் பொதுவான தக்காண நாட்டுப்புற மரபைத் தேடுகிறார். டீக்கன் தமிழ் அங்கிருந்து எடுத்துக்கொண்டது என்கிறார். கேள்விக்குக் கேள்வி கூட்டணி மாறுகிறது. தனித்தனிச் சுருக்கங்களில் இது ஒருபோதும் கண்ணில் படாது.

இப்படி எழுதுவதற்கு முன் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுக்கொள்வது நல்லது. மேலே நூல்கள், இடப்பக்கம் கேள்விகள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நூல் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில், அதற்குக் காட்டும் சான்று, பக்க எண். நூல் படிக்கும்போது மேலிருந்து கீழாக நிரம்பும் கட்டத்தை, எழுதும்போது குறுக்காகப் படிக்க வேண்டும். குறுக்குவரி ஒவ்வொன்றும் ஒரு பகுதியாகிறது. ஹார்ட் மூன்று இடங்களில் வருவார். வரட்டும்.

கட்டத்தில் சான்றுக்கு இடம் விடுவது ஏன் என்பதற்கு ஐராவதம் மகாதேவனின் 2003ஆம் ஆண்டு நூலே விளக்கம். கரூரை அடுத்த புகளூர்த் தமிழ் பிராமிக் கல்வெட்டில் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாகக் குறிக்கப்படுகிறார்கள். அவர்களைப் பதிற்றுப்பத்துச் சேரர்களோடு அவர் இணைத்துக் காட்டினார். காலம் பற்றிய வழக்கு இதோடு முடிந்தது என்று ஓர் ஆய்வு மாணவர் எழுதிவிடக்கூடும். ஆனால் கல்வெட்டு நேரடியாகச் சொல்வது அரசர்களின் காலத்தை. பழைய அரசர்களைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் பாடினார்கள் என்பவருக்கு அது முழு மறுப்பாகாது. ஒருவர் கல்லைக் காட்டுகிறார். மற்றவர் பாடலின் நடையையும் கட்டமைப்பையும் காட்டுகிறார். சண்டை முடிவில் மட்டுமன்று, எதைச் சான்றாக ஏற்பது என்பதிலும் இருக்கிறது. அரசர்களின் காலத்துக்கும் பாடல்களின் காலத்துக்கும் இடைவெளி எவ்வளவு, அதை மொழியின் வளர்ச்சியைக் கொண்டு அளக்க முடியுமா என்று ஆய்வாளர் தம் கேள்வியை அங்கே நுழைக்கலாம்.

தலைப்பை மாற்றிவிட்டு உள்ளே பழைய பட்டியலையே வைப்பதும் நடக்கிறது. ‘சங்க இலக்கியமும் சமூகமும்’ என்பது கேள்வியே அன்று. அதன் கீழே எந்த நூலையும் போடலாம். கண்டுபிடிப்பது எளிது. பத்திகளை இடம் மாற்றி வைத்தும் ஒன்றும் கெடவில்லையென்றால் அது பட்டியல்தான். எல்லாப் பத்திகளும் ஆசிரியர் பெயரும் ஆண்டுமாகத் தொடங்கினாலும் சந்தேகப்பட வேண்டியதே. ‘பாடல்கள் எழுத்தில் பிறந்தவை என்பதில் ஹார்ட்டும் டீக்கனும் உடன்பட்டாலும், அந்த எழுத்தின் காலத்தில் பல நூற்றாண்டு வேறுபடுகிறார்கள்’ என்று தொடங்கும் பத்தியை அப்படி நகர்த்த முடியாது; அதற்கு முன்னும் பின்னும் வர வேண்டியவை அந்த வாக்கியத்திலேயே இருக்கின்றன.

இல்லாத சண்டையை மூட்டிவிடும் ஆபத்தும் உண்டு. மகாதேவன் ஆராய்ந்தது கல்வெட்டெழுத்தை; கைலாசபதி ஆராய்ந்தது பாடல் இயற்றப்பட்ட முறையை. ‘மகாதேவன் கைலாசபதியை மறுக்கிறார்’ என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.