திரையில் 0.01 தெரிந்தால் அளவு சரியா?

அளவுக் கருவிகளின் கையேடுகளில் துல்லியத்தன்மை, நுட்பம், பிரிதிறன் என்ற மூன்றும் தனித்தனிப் பண்புகள். அன்றாடப் பேச்சில் மூன்றுக்குமே 'துல்லியம்' என்ற ஒரே சொல் புழங்குவதால் குழப்பம் வருகிறது. பட்டறைகளில் பயன்படும் டிஜிட்டல் காலிப்பரை வைத்து இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

பிரிதிறன் என்பது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றம். காலிப்பரின் திரை 25.00, 25.01 என்று படிப்படியாக மாறினால் அதன் பிரிதிறன் 0.01 மில்லிமீட்டர். சாதாரண அளவுகோலில் இது 1 மில்லிமீட்டர். 24.8, 25.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு துண்டுகளையும் அளவுகோல் 25 என்றே சொல்லும்.

நுட்பம் என்பது ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது அளவீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பது. துல்லியத்தன்மை என்பது அந்த அளவீடு உண்மையான அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது.

சரியாக 25.00 மில்லிமீட்டர் தடிமனுள்ள அளவுக் கட்டையை ஒரு காலிப்பரால் ஐந்து முறை அளக்கும்போது 25.06, 25.07, 25.06, 25.06, 25.07 என்று வருவதாகக் கொள்வோம். அளவீடுகள் நெருக்கமாக இருப்பதால் நுட்பம் உண்டு. ஆனால் எல்லாமே 0.06 அளவுக்குக் கூடுதலாக இருப்பதால் துல்லியத்தன்மை இல்லை. நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை போகாது. தாடைகளை மூடியதும் திரை 0.00 காட்டாமல் 0.06 காட்டினால் அது சுழிப்பிழை. தாடைகளுக்கு இடையே சிக்கிய இரும்புத் தூளைத் துடைத்து, சுழியை மறுபடி அமைத்தால் சரியாகும்.

இன்னொரு காலிப்பரில் அதே கட்டை 24.95, 25.04, 25.01, 24.97, 25.03 என்று வருகிறது. சராசரி 25.00தான், ஆனாலும் ஒரே ஒரு முறை அளந்து வரும் எண்ணை நம்ப முடியாது. நகரும் தாடை தளர்ந்து ஆடுவதும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அழுத்தத்தில் பிடிப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். இரண்டு கருவிகளுக்கும் பிரிதிறன் ஒன்றே: 0.01.

ஆகவே கையேட்டில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரே சொல்லைக் கடைசிவரை பயன்படுத்தி, எண்களையும் தனித்தனி வரியில் தரவேண்டும். உதாரணமாக:

பிரிதிறன்: 0.01 மி.மீ.
நுட்பம்: 0.01 மி.மீ.
துல்லியத்தன்மை: ±0.02 மி.மீ.

இந்தக் கருவி 25.00 என்று காட்டினால் உண்மை அளவு 24.98க்கும் 25.02க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கருவி வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது திரையின் கடைசி இலக்கத்தை அல்ல, இந்த மூன்றாவது வரியைத்தான்.