நடுவிலிருந்து தொடங்குங்கள்

நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். நாளிதழ் வாங்குபவை 50 வீடுகள், வார இதழ் 40, மாத இதழ் 30. நாளிதழும் வார இதழும் வாங்குபவை 20, வார இதழும் மாத இதழும் 12, நாளிதழும் மாத இதழும் 15. மூன்றையும் வாங்குபவை 8. எதுவுமே வாங்காத வீடுகள் எத்தனை?

ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மூன்று வட்டங்கள் வரைந்தால் விடை கிடைத்துவிடும். ஜான் வென் என்ற ஆங்கிலேயர் 1880இல் விளக்கி எழுதியதால் பள்ளிக்கூடத்தில் இதற்கு வென் படம் என்று பெயர். படம் வரைவதில் யாரும் தவறுவதில்லை. எண்களை எழுதும் இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

நாளிதழ் வட்டமும் வார இதழ் வட்டமும் சந்திக்கும் இடம் இலை வடிவில் இருக்கும். அதை மூன்றாம் வட்டம் இரண்டாக வெட்டுகிறது. பலரும் நடுத்துண்டில் 8 எழுதிவிட்டு, மீதித் துண்டில் அப்படியே 20ஐ எழுதுவார்கள். ஆனால் அந்த 20 முழு இலைக்கும் உரியது. மூன்று இதழும் வாங்கும் வீடு நாளிதழும் வார இதழும் வாங்கும் வீடுதானே? அந்த எட்டும் இருபதுக்குள்ளேயே அடக்கம். ‘மட்டும்’ என்று கேள்வியில் இல்லாதவரை இப்படித்தான் படிக்க வேண்டும்.

தவறாக எழுதினால் என்ன ஆகும்? மாத இதழ் மட்டும் வாங்குபவர்களைக் காண 30இலிருந்து 15, 12, 8 மூன்றையும் கழிப்போம். மைனஸ் 5 வரும்! அப்படி வீடு எங்கே இருக்கிறது? இங்கே கணக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. வேறு எண்களாக இருந்தால் பிழை சத்தமில்லாமல் தப்பிவிடும். அதனால் ஒவ்வோர் இலையிலும் இரு துண்டுகளைக் கூட்டி, கொடுத்த எண் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சரியான வழி, நடுவில் 8 எழுதி வெளிநோக்கி நகர்வது. இலைகளின் மீதித் துண்டுகளில் 20 − 8 = 12, 12 − 8 = 4, 15 − 8 = 7. பிறகு நாளிதழ் மட்டும் 50 − 12 − 7 − 8 = 23. இதேபோல வார இதழ் மட்டும் 16, மாத இதழ் மட்டும் 11. ஏழு துண்டுகளையும் கூட்டினால் 81. ஆக, எதுவும் வாங்காதவை 19 வீடுகள்.

துண்டு பெரிதாகத் தெரிவதால் அதில் வீடுகள் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். பரப்பளவுக்கு இங்கே பொருளில்லை. உள்ளே எழுதிய எண்தான் கணக்கு.

நான்காவதாக ஓர் இதழ் சேர்ந்தால் வட்டங்கள் போதாது. வெளிப்பகுதியையும் சேர்த்து 16 பகுதிகள் தேவைப்படும். நான்கு வட்டங்களை எப்படி வரைந்தாலும் 14க்கு மேல் கிடைக்காது. வென்னே அங்கு நீள்வட்டங்களுக்கு மாறிவிட்டார்.