'டிராஷ்' பெட்டி பேக்கப் ஆகுமா? 55 நாளில் கைவிட்டுப் போகும் அலுவலகக் கோப்புகள்

புதுடெல்லி: இந்திய நிறுவனங்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். ஆனால், அந்தக் கணக்குகளை கூகுள் வொர்க்ஸ்பேஸின் 'ஷேர்டு டிரைவ்' பகுதியில் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒரு கோப்பு தவறுதலாக நீக்கப்பட்டால், அதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 55 நாட்களே உண்டு. நீக்கியவை யாவும் 'டிராஷ்' பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்தப் பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்த்தால், அதை ஏன் பேக்கப் என்று கருதக்கூடாது என்பது விளங்கும்.

ஒரு சிறு தனியார் நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணக்குப் பிரிவின் ஷேர்டு டிரைவில் ஆண்டுவாரியாகக் கோப்புறைகள் உள்ளன. ஏப்ரல் 3ஆம் தேதி, புதிய நிதியாண்டுக்காக இடத்தை ஒழுங்குபடுத்தும் ஊழியர் ஒருவர், பழைய நகல் என்று எண்ணி முந்தைய ஆண்டின் ரசீதுக் கோப்புறையை நீக்கிவிடுகிறார். அவருக்கு 'கன்டென்ட் மேனேஜர்' என்ற அனுமதி நிலை உள்ளது. கோப்புகளை டிராஷுக்கு அனுப்ப அதுவே போதும். வேறு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை.

அன்று முதல் 30 நாட்கள், அதாவது மே 3 வரை, அந்தக் கோப்புறை டிராஷில் இருக்கும். அதன்பின் தானாகவே அழிக்கப்படும். முன்பெல்லாம் கூகுள் டிரைவின் டிராஷில் கிடக்கும் கோப்புகள், பயனர் தாமாக அழிக்கும் வரை காலவரையின்றி அங்கேயே இருந்தன. 2020 அக்டோபர் 13 முதல் இந்த 30 நாள் விதி நடைமுறைக்கு வந்தது. பழைய வழக்கத்தை நம்பி டிராஷையே கிடங்கு போலப் பயன்படுத்தும் அலுவலகங்கள் இன்றும் இருப்பது வியப்புக்குரியது.

டிராஷிலிருந்து அகன்ற பிறகு, நிறுவனத்தின் வொர்க்ஸ்பேஸ் நிர்வாகிக்கு மட்டும் மேலும் 25 நாட்கள் அவகாசம் உண்டு. அவர் நிர்வாகப் பக்கத்தில் தேதி வரம்பைக் குறிப்பிட்டுத் தரவுகளை மீட்கலாம். நமது எடுத்துக்காட்டில் அந்த வாய்ப்பு மே 28ஆம் தேதியுடன் முடிகிறது. தணிக்கையாளர் அந்த ரசீதுகளைக் கேட்பதோ ஆகஸ்ட் மாதத்தில்தான். கோப்புறை காணாமல் போனதே அப்போதுதான் தெரியவருகிறது. சேவை நிறுவனத்தின் மீது இதில் பிழை கூற இடமில்லை. நீக்கச் சொன்னதை அது நீக்கியிருக்கிறது; அவ்வளவே.

மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துவோருக்கு இக்கால அளவு சற்றுக் கூடுதல். ஷேர்பாயின்ட் தளத்தின் இரு அடுக்கு மறுசுழற்சித் தொட்டிகளிலும் சேர்த்து, நீக்கிய நாளிலிருந்து 93 நாட்கள் கோப்பு இருக்கும். ஏப்ரல் 3ஆம் தேதி நீக்கிய கோப்பு ஜூலை 5 வரை கிடைக்கும். ஆகஸ்டில் அதுவும் பயன்படாது.

நீக்காமலே இழப்பது

நாட்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. டிராஷ் பெட்டிக்கு வருவது நீக்கப்பட்ட கோப்பு மட்டுமே. ஒரு விரிதாளைத் திறந்து 400 வரிகளை அழித்துவிட்டு மூடினால், அந்தக் கோப்பு அதே இடத்தில் அதே பெயரில் இருக்கும். டிராஷ் காலியாகவே இருக்கும். இதற்கு உதவக்கூடியது 'வெர்ஷன் ஹிஸ்டரி' எனப்படும் பதிப்பு வரலாறு. ஆனால் பதிவேற்றப்பட்ட பிடிஎஃப், எக்செல் போன்ற கோப்புகளுக்குப் பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாட்கள் அல்லது 100 பதிப்புகள் வரையே காக்கப்படும். கணினியில் புகும் ரான்சம்வேர், ஒத்திசைக்கப்படும் கோப்புறையில் உள்ளவற்றைப் பூட்டிவிட்டால், பூட்டிய கோப்புகளே புதிய பதிப்புகளாக மேலேறும். ஒத்திசைவு என்பது மாற்றத்தைப் பரப்பும் ஏற்பாடு. தவறான மாற்றத்தையும் அது அதே வேகத்தில் பரப்பும்.

காலி நகல்

இதை உணர்ந்து தாமாகவே நகல் எடுப்போரும் ஓரிடத்தில் ஏமாறுவதுண்டு. கணினியில் தெரியும் டிரைவ் கோப்புறையை அப்படியே வெளிப்புற வன்வட்டுக்குப் படியெடுத்தால், பிடிஎஃப், எக்செல் கோப்புகள் முழுமையாக வந்துவிடும். ஆனால் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஆகியவற்றில் உருவாக்கிய ஆவணங்கள் `.gdoc`, `.gsheet` என்ற பெயர்களில் வரும். அவற்றுள் ஆவணம் இருக்காது; இணையத்தில் உள்ள மூல ஆவணத்தைச் சுட்டும் முகவரி மட்டுமே இருக்கும். மூலம் அழிந்தால் இந்த நகலால் பயனில்லை. கண்டுபிடிப்பது எளிது: நூறு பக்க ஆவணமாக இருந்தாலும் கோப்பின் அளவு ஒரு கிலோபைட் அளவிலேயே நிற்கும்.

ஆகவே நகலெடுக்கும் கருவி, ஆவணங்களை வேர்ட், எக்செல் வடிவங்களுக்கு மாற்றி இறக்க வேண்டும். கட்டணச் சேவைகள் பல உள்ளன. கணினி அறிந்த ஊழியர் ஒருவர் இருந்தால், `rclone` என்ற இலவச மென்பொருளே சிறு அலுவலகத்துக்குப் போதும். அதை நிறுவி அமைக்கும்போது, இது ஷேர்டு டிரைவா என்று அது கேட்கும். ஆம் எனக் கூறி உரிய டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு `kanakku` என்று பெயரிட்டிருந்தால், அன்றாட நகலுக்கான கட்டளை இது:

```
rclone copy kanakku: /backup/$(date +%F) --drive-export-formats docx,xlsx,pptx
```

ஒவ்வொரு நாளும் அந்நாளின் தேதியில் தனிக் கோப்புறை உருவாகும். `copy` என்ற சொல்லுக்குப் பதிலாக `sync` என்று கொடுத்து ஒரே கோப்புறையில் எழுதினால், மூலத்தில் நீக்கப்பட்டவை நகலிலிருந்தும் நீக்கப்படும். டிராஷைவிட மோசமான நிலை அது. இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. மாற்றி இறக்கும்போது 10 மெகாபைட்டைத் தாண்டும் கூகுள் ஆவணங்களை கூகுள் மறுத்துவிடும். அவை பிழைப் பதிவில் இடம்பெறும் என்பதால் அந்தப் பதிவை அன்றாடம் ஒருவர் பார்க்க வேண்டும். பதிப்பு வரலாறும், யார் யாருக்குப் பகிரப்பட்டது என்ற விவரமும் நகலில் வாரா.

நகல் எங்கே இருக்க வேண்டும் என்பதில் சட்டமும் தெளிவாக உள்ளது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி, மின்னணு முறையில் பேணப்படும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவில் அமைந்துள்ள சர்வரில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும். முன்பு 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' என்றிருந்ததே 'நாள்தோறும்' என மாற்றப்பட்டது. அந்தச் சர்வரின் கடவுச்சொல், வொர்க்ஸ்பேஸ் நிர்வாகியின் கடவுச்சொல்லாக இருக்கக்கூடாது. நிர்வாகிக் கணக்கு பிறர் கைக்குப் போனால், மூலமும் நகலும் ஒரே நாளில் அழியக்கூடும்.

எல்லா நாட்களின் நகலையும் 8 ஆண்டுகள் சேர்த்துவைக்க இடம் போதாது. கடைசி 30 நாட்களின் நகல்களையும், மாத இறுதி நகல்களை ஓராண்டுக்கும், மார்ச் 31 நகலை 8 ஆண்டுகளுக்கும் வைத்திருப்பது நடைமுறைக்கு ஏற்றது. மேற்கண்ட நிறுவனம் இவ்வாறு செய்திருந்தால், ஆகஸ்டில் ரசீதுகள் கேட்கப்பட்டபோது மார்ச் 31 கோப்புறையைத் திறந்தாலே போதுமானது. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு விரிதாளை நகலிலிருந்து எடுத்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து, கூட்டுத்தொகை மூலத்துடன் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடங்கள் ஆகும். இணையமின்றித் திறக்காத கோப்பு இருந்தால், அது முன்னர் குறிப்பிட்ட காலி நகலாகவே இருக்கக்கூடும்.